மூத்தவன் முழங்கால் ஆழம், நடுவுலவன் இடுப்பு ஆழம்: கடைக்குட்டிக்கு மட்டும் ஏன் நல்ல தண்ணி?

மே 2 · கீழக்கரை வாசகர்

எந்தக் கதையை எடுத்தாலும் மூணு அண்ணன் தம்பி. முதல் ரெண்டு பேரும் தோத்துப் போவாங்க, கடைக்குட்டி ஜெயிப்பான். என் மகளுக்குக் கதை சொல்ல ஆரம்பிச்சா மூத்தவன் கிளம்பும்போதே "இவன் வேஸ்ட்டு, அடுத்தவனும் வேஸ்ட்டு, கடைசிப் பயகிட்ட வாங்க"ன்னு சொல்றா. பாட்டிமாருக்குக் கடைக்குட்டி மேல இருக்கிற பாசம்தான் காரணமா? இல்ல வேற ஏதாவது இருக்கா?

மே 2 · பாம்பன்காரி

பாசம் காரணம்னு எனக்குத் தோணல. எங்க அப்பத்தாவுக்கு அஞ்சு பிள்ளைங்க. அவங்க செல்லம் மூத்தவர்தான், இன்னைக்கும் அவருக்குத்தான் மீன் தலை. ஆனா அவங்க சொல்ற கதையில மூத்தவன் ஒருநாளும் ஜெயிச்சதில்லை. அப்பத்தா சொல்ற ஊத்துக் கதையை நாளைக்கு இங்க எழுதுறேன். அதை வச்சுப் பேசலாம்.

மே 3 · பாம்பன்காரி

தடைக்காலம், போட்டெல்லாம் கரையில. சித்தப்பா வீட்டுல இருக்கார், பிள்ளைங்களுக்கும் லீவு. ராத்திரி சாப்பிட்டதும் அப்பத்தாவைச் சுத்தி உக்காந்துருவாங்க. நேத்து சொன்ன கதையை போன்ல பதிஞ்சுட்டேன்.

ஒரு ராஜாவுக்குக் கண்ணு மங்கிப் போச்சு. தீவு மணல்ல ஊறுற நல்ல தண்ணியில கழுவினா வெளிச்சம் வரும்னு வைத்தியர் சொல்றார். மூத்த மகன் குடத்தோட போறான். தீவுக்கரையில ஒரு கிழவி சிரட்டையை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. "ஐயா, ஒரு வாய் கஞ்சி தா"ங்கிறா. "எனக்கு நேரமில்லை"ன்னு போயிடுறான். மணலை முழங்கால் ஆழம் தோண்டுறான். தண்ணி வருது, வாயில வச்சா உப்பு. ரெண்டாவது மகன் போறான். அவனும் கஞ்சி தரல. "அண்ணன் முழங்கால் ஆழந்தானே தோண்டுனான்"னு சொல்லி இடுப்பு ஆழம் தோண்டுறான். இன்னும் உப்பு. கடைக்குட்டி போறான், கஞ்சியைப் பாதி கொடுக்கிறான். கிழவி சொல்றா: "ஒரு சாண் தோண்டு, போதும். ஊறுற வரைக்கும் உக்காரு. மேலாப்புல சிரட்டையால அள்ளு. அடியைக் கலக்கிடாதே." அவன் விடிய விடிய உக்காந்து ஒரு குடம் சேத்துக்கிட்டு வர்றான்.

எங்க பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதுல மந்திரம் ஒண்ணும் தெரியாது. மணல்ல ஊத்து தோண்டுன எந்தப் பொம்பளைக்கும் இது தெரிஞ்ச விஷயம். மழைத்தண்ணி மணல்ல இறங்கி, கீழ இருக்கிற கடல் தண்ணி மேல மிதந்துக்கிட்டு இருக்கும், ஏன்னா நல்ல தண்ணி லேசு. ஆழமாத் தோண்டினாலோ அவசரமா அள்ளினாலோ கீழ இருக்கிற உப்பு மேல ஏறிரும். ஒரு தடவை ஏறுச்சுன்னா அந்தக் குழியை விட்டுட்டு வேற இடம் பார்க்கணும்.

பதிவுல நேரம் பார்த்தேன். மூத்தவனுக்கு அஞ்சு நிமிசம். நடுவுலவனுக்கு ஐம்பது விநாடி. கடைக்குட்டிக்குப் பதினொரு நிமிசம்.

அதனால என் முதல் பதில் இதுதான்: நடுவுலவன் வெறும் எதிரொலி. மூத்தவன் தோத்தது தற்செயல் இல்லைன்னு காட்டத்தான் அவன் வர்றான், அதான் அவனுக்கு நேரமே ஒதுக்கல.

மே 3 · சாயல்குடி

மூணுங்கிறது நம்ம புனித எண். மும்மூர்த்தி, முக்கனி, முத்தமிழ். கதையிலும் அதான் வருது. இதுக்கு இவ்வளவு யோசிக்கணுமா?

மீன் ஏலத்திலேயே பாருங்க, ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்.

மே 3 · பாம்பன்காரி

முக்கனியில வாழைப்பழம் ஜெயிக்குதா? மும்மூர்த்தியில கடைசியா சொல்றவர் ஜெயிக்கிறாரா? மூணு பேர் ஏன் வர்றாங்கங்கிறதுக்கு வேணா அது பதிலா இருக்கலாம். மூணாவது ஆள் ஏன் ஜெயிக்கிறாங்கிறதுக்கு அது பதில் இல்லை.

ஆனா ஏலம் சொன்னீங்களே, அதை விடமாட்டேன். காலையில ஏலக்கூடத்துல நின்னு கேட்டுட்டு எழுதுறேன்.

மே 4 · பாம்பன்காரி

நாட்டுப்படகு மீன் மட்டும் வருது, கூட்டம் குறைவு. ஏலம் போடுறவர் ஒரு பாரைக்கு நாலாயிரத்துல நின்னார். "நாலாயிரம் ஒரு தரம்": அதுவரைக்கும் சத்தமா இருந்த இடம் அடங்குது. "நாலாயிரம் ரெண்டு தரம்": இதுல விலை ஏறல, ஆள் மாறல, வார்த்தையும் கிட்டத்தட்ட அதேதான். ஆனா பக்கத்துல நின்ன வியாபாரி கை மட்டும் லேசா ஆடுது. "நாலாயிரத்து இருநூறு"ன்னார். எண்ணிக்கை திரும்ப முதல்ல இருந்து. மூணு பாரைக்கு நின்னு பார்த்தேன். மூணுலயும் ஆள் விலை ஏத்துனது ரெண்டாவது தரத்துக்கு அப்புறம், மூணாவதுக்கு முன்னாடி.

முதல் தரம் தகவல் சொல்லுது. ரெண்டாவது தரம்தான் "இன்னும் ஒண்ணுதான் பாக்கி"ன்னு காதுல விழ வைக்குது. அப்போ ரெண்டாவது வெறும் எதிரொலி இல்லை. நேத்து நான் எழுதினது தப்போன்னு சந்தேகமா இருக்கு. நடுவுலவனை எடுத்துட்டா என்ன ஆகும்? பிள்ளைங்ககிட்ட சொல்லிப் பார்க்கப் போறேன்.

மே 4 · தொண்டி மீனவன்

நானும் மூணு பேர்ல கடைசி. கடைக்குட்டி ஜெயிப்பான்னு எவன் சொன்னது? அப்பா போனதும் பாகம் பிரிச்சாங்க. மூத்தவருக்கு வீடு, நடு அண்ணனுக்கு புது எஞ்சின் போட்ட வள்ளம், எனக்கு ஒட்டுப் போட்ட வத்தையும் பழைய வலையும். இதுல ராசி, ஜாதகம் எதாவது இருக்கா? கடைசிப் பிள்ளைக்கு எந்த வயசுக்கு மேல நல்லா இருக்கும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மே 5 · தேவிபட்டினம்

தொண்டிக்காரர் கேட்டது ஜாதகம், இங்கே பேச்சு கதையைப் பற்றி. ஆனாலும் அவர் சொன்னதில் ஒரு விஷயம் இருக்கிறது. கடைசி மகனுக்குக் கையில் ஒன்றும் இல்லை என்பதுதான் பல கதைகளின் தொடக்கமே. சில ஊர்களில் கடைசி மகனுக்கே வீடு சேரும் வழக்கம் இருந்தது. இங்கிலாந்தின் சில பகுதிகளில் அது சட்டமாகவே இருந்து 1925இல்தான் ஒழிந்தது. அந்தப் பழைய வழக்கத்தின் நினைவுதான் இந்தக் கதைகள் என்று ஒரு காலத்தில் விளக்கினார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மூத்தவனுக்கே எல்லாம் போகிற ஊர்களிலும் இதே கதைதான் ஓடுகிறது.

இதைச் சரியாகப் பிடித்தவர் ஆக்செல் ஓல்ரிக் என்ற டென்மார்க்காரர். 1909இல் வெளிவந்த கட்டுரை. வாய்மொழிக் கதைகளுக்குப் பொதுவான சில விதிகளை வரிசையாகச் சொன்னார். அதில் ஒன்று மூன்றின் விதி. இன்னொன்றுக்குக் கப்பலிலிருந்து பெயர் வைத்தார்: பின்பாரம். பல பேர் வரிசையாக வந்தால், அவர்களில் பெரிய மனிதர் முன்னால் நிற்பார்; கதையின் மனசு யார் பக்கமோ அவர் கடைசியில் நிற்பார். இந்த இரண்டு விதியும் சேர்ந்தால்தான் மூன்று பேரில் கடைசி ஆள் ஜெயிக்கிறான். ஆக, வயது காரணமில்லை, வரிசையில் அவன் நிற்கும் இடம்தான் காரணம்.

மே 5 · பாம்பன்காரி

பின்பாரம்! இதைச் சித்தப்பாகிட்ட சொன்னேன். அவர் வலை பின்னிக்கிட்டு இருந்தவர் நிமிர்ந்துட்டார்.

"அந்த ஆளு கடலுக்குப் போனவனாத்தான் இருக்கணும்"னார். அணியத்துல, அதாவது படகு முகப்புல, பாரம் கூடுனா மூக்கு குத்தும், பின்னாடி சுக்கான் தண்ணியை விட்டு எழும்பிரும், திருப்பினா படகு கேட்காது. அமரத்துல, பின்பக்கத்துல, பாரம் இருந்தா மூக்கு தூக்கிக்கிட்டு அலை மேல ஏறும். "அதுக்காக எல்லாத்தையும் அமரத்துலயே ஏத்தினா?"ன்னு கேட்டேன். "பின்னாடி வழியாத் தண்ணி ஏறும். நடுவுல கொஞ்சம் இருக்கணும்"னார்.

நடுவுல கொஞ்சம். ஐம்பது விநாடி.

மே 7 · பாம்பன்காரி

மூணு ராத்திரியா சொல்லிப் பார்த்ததை எழுதுறேன். தெருப் பிள்ளைங்க எட்டு ஒம்பது பேர். அப்பத்தா கதையைக் கேட்காத பிள்ளைங்களாத்தான் கூப்பிட்டேன்.

முதல் ராத்திரி ரெண்டே மகன்தான். மூத்தவன் முழங்கால் ஆழம், உப்பு. இளையவன் ஒரு சாண், நல்ல தண்ணி. முடிச்சதும் ஒரு பொண்ணு கேட்டா: "மூத்தவன் இன்னும் கொஞ்சம் தோண்டியிருந்தா வந்திருக்கும்ல?" நான் உப்பு, மணல்னு விளக்கிக்கிட்டு இருந்தேன். பாதிப் பிள்ளைங்களுக்கு ஏறல. அவங்க கணக்குல மூத்தவன் கொஞ்சம் முயற்சி பத்தாமப் போனவன், அவ்வளவுதான்.

அப்பதான் எனக்கு மண்டையில அடிச்ச மாதிரி இருந்துச்சு. அந்தப் பொண்ணோட கேள்விக்குப் பதில்தான் நடுவுலவன்! அவன் செய்றது அண்ணன் செஞ்சதேதான், ஆனா அதைவிட அதிகமா. இடுப்பு ஆழம் தோண்டியும் உப்பு வந்தா, அதிகம் தோண்டுறதுக்கான வழி அடைபட்டுப் போச்சு. இனி வர்றவன் வேற மாதிரி செஞ்சே ஆகணும். நான் விளக்கி விளக்கிப் பார்த்த விஷயத்தை அப்பத்தா ஐம்பது விநாடியில சொல்லிட்டுப் போயிடுறாங்க.

மே 3ல நான் எழுதினது தப்பு. அவன் எதிரொலி இல்லை. பதிவைத் திரும்பக் கேட்டா "அண்ணன் முழங்கால் ஆழந்தானே தோண்டுனான்"ங்கிற ஒரு வரியிலதான் அவனோட மொத்த வேலையும் இருக்கு. அவனுக்கு நேரம் கம்மி, ஏன்னா தீவு, கிழவி, சிரட்டை எல்லாம் நமக்கு ஏற்கனவே தெரியும். மூத்தவனோட அஞ்சு நிமிசம் மூணு பேருக்கும் சேர்த்துப் போட்ட செலவு.

ரெண்டாவது ராத்திரி நாலு மகன். மூணாவது ஆளைக் கழுத்து ஆழம் தோண்ட வச்சேன். அவன் கிளம்புறதுக்கு முன்னாடியே மூணு நாலு பேர் ஒண்ணா "உப்பு"ன்னு கத்திட்டாங்க. ஒருத்தன் எழுந்து தண்ணி குடிக்கப் போயிட்டான். கழுத்து ஆழத்துல புதுசா ஒண்ணுமே தெரியவரலை. இடுப்பு ஆழத்துலேயே கதவு சாத்தியாச்சு.

மூணாவது ராத்திரி வரிசையைத் திருப்பினேன். கடைக்குட்டி முதல்ல போய்த் தோக்கிறான், நடுவுலவன் தோக்கிறான், மூத்தவன் போய் ஜெயிக்கிறான். தேவிபட்டினம் சொன்னபடி இடம்தான் காரணம்னா இதுவும் ஓடணும். ஓடுச்சு. நல்லாவே கேட்டாங்க. முடிச்சதும் ஒரு பையன் மட்டும் முகத்தைச் சுளிச்சுக்கிட்டு: "சின்னப் பயலை ஏன் முதல்ல அனுப்புனாங்க?"

அப்பத்தா திண்ணையில இருந்து கேட்டுக்கிட்டு இருந்தாங்க. "அதானே! எந்த வீட்டுலடி கடைக்குட்டியை முதல்ல கடலுக்கு அனுப்புவாக? மூத்தவன் போயி வரலேன்னாத்தான் அடுத்தவன். அடுத்தவனும் வரலேன்னாத்தான், வேற ஆளில்லாம, அந்தப் புள்ளைய அனுப்புறது."

வேற ஆளில்லாம. கடைக்குட்டி ஜெயிக்கணும்னு யாரும் முடிவு பண்ணல. கடைசியா வர்றவன் ஜெயிக்கணும், வீட்டு முறைப்படி கடைசியா அனுப்பப்படுறவன் கடைக்குட்டி.

மே 8 · தங்கச்சிமடம்

மூணு மூணுன்னு பேசுறீங்க. தாவீது ஈசாயோட எட்டாவது மகன். சாமுவேல் வந்து அபிஷேகம் பண்ணும்போது ஏழு பேரையும் வேண்டாம்னுட்டு, ஆடு மேய்ச்ச கடைசிப் பையனைக் கூப்பிடுறார். கடைக்குட்டி ஜெயிக்கிறது சரி, மூணு விதி பொய். ஏழு பேரும் வரிசையா வந்து தோக்கிறாங்களே.

மே 8 · பாம்பன்காரி

பக்கத்து வீட்டுல பைபிள் வாங்கிப் படிச்சேன். முதலாம் சாமுவேல் 16. நீங்க சொன்ன ஏழு பேர்ல எத்தனை பேருக்குப் பேர் வருது பாருங்க. எலியாப் வர்றான். அவன் உயரத்தைப் பார்க்காதேன்னு நீளமாப் பேச்சு வருது. அடுத்து அபினதாப், ஒரே வரி. அடுத்து சம்மா, ஒரே வரி. அதுக்கு மேல "ஏழு பேரையும் கடந்துபோகப் பண்ணினான்"னு ஒரே மூச்சுல முடிஞ்சுது. எட்டுப் பிள்ளை இருந்தாலும் சொல்றவர் எட்டுத் தடவை சொல்லல.

நம்ம பக்கத்து ஏழு அண்ணன்மார் கதையும் இப்படித்தானே. "ஆறு பேரும் போனாக, ஆறு பேரும் வந்தாக, கடைசித் தம்பி மட்டும் நின்னுட்டான்." ஆறு பேரும் ஒரே ஆள் மாதிரி நடப்பாங்க. ஏழுங்கிறது நிறையப் பேர்னு சொல்ற எண். கதை எண்ணுறது ஆளை இல்லை, கதை திரும்புற இடத்தை.

மே 9 · தங்கச்சிமடம்

நீங்க சொல்றபடி எண்ணினாலும் எலியாப், அபினதாப், சம்மான்னு தோத்தவங்களே மூணு பேர் ஆச்சு. தாவீது நாலாவது. அப்பவும் உங்க மூணு வரலை.

மே 9 · பாம்பன்காரி

இதுக்கு என்கிட்ட முழுசாப் பதில் இல்லை. அபினதாபும் சம்மாவும் ஒரே மாதிரி ஒரு வரியில போறதால ரெண்டு பேரையும் சேர்த்து நடு இடத்துல வைக்கலாம்னு சொல்லலாம். ஆனா எனக்கு வசதியா இருக்கணும்னு எண்ணிக்கையை வளைக்கிற மாதிரி இருக்கு. உங்க கேள்வி நிக்கட்டும்.

மே 10 · தேவிபட்டினம்

ஓல்ரிக் அந்தக் கட்டுரையிலேயே ஒன்று சொல்கிறார்: இந்தியக் கதைகளில் மூன்றுக்குப் பதிலாகப் பல சமயம் நான்கு வரும் என்று. அவர் அதைச் சமய நம்பிக்கையோடு சேர்த்துப் பார்த்தார். எனக்கு வேறு காரணம் படுகிறது.

அலகேச கதையில் தொலைந்த ஒட்டகத்தைப் பற்றி ஒரு கதை. நான்கு பேர் வழியில் ஒட்டகத் தடம் பார்க்கிறார்கள். ஒட்டகத்தையே பார்க்காமல், வியாபாரியிடம் ஒருவர் அது நொண்டி என்கிறார், ஒருவர் வலது கண் குருடு என்கிறார், ஒருவர் வால் குட்டை என்கிறார், ஒருவர் வயிற்று வலி என்கிறார். திருடர்கள் என்று ராஜாவிடம் இழுத்துப் போனதும் காரணம் சொல்கிறார்கள். மூன்று கால் தடம்தான் பதிந்திருந்தது. வழியில் இடது பக்கத்து இலை மட்டுமே தின்றிருந்தது. இப்படி ஒவ்வொருவருக்கும் ஒன்று.

நான்கு பேரும் சரி. யாரும் தோற்கவில்லை. பாம்பன்காரி கழுத்து ஆழம் தோண்டிய நான்காவது மகனை வைத்துப் பார்த்தபோது பிள்ளைகள் எழுந்து போனார்கள். இங்கே ஏன் எழுந்து போவதில்லை? நான்காவது ஆளும் புதிய விஷயம் ஒன்றைக் கொண்டு வருகிறார். அதனால் நான்கு தாங்கும், ஐந்தும் தாங்கும். தவறு செய்து செய்து ஒரே கதவைத் தட்டுகிற கதைக்குத்தான் மூன்றுக்கு மேல் தாங்காது.

மே 10 · வாலிநோக்கம்

உப்பளத்துல வேலை பார்க்கிறேன், அதனால ஒரு சந்தேகம். உப்பு மாதிரிப் பிரியம்னு சொன்ன இளவரசி கதை எல்லாருக்கும் தெரியும். மூத்தவ சர்க்கரை மாதிரிங்கிறா, நடுவுலவ தேன் மாதிரிங்கிறா, கடைக்குட்டி உப்பு மாதிரிங்கிறா. அவ எங்கயும் போகல, எதையும் தோண்டல. வாயால ஒரு வார்த்தை, அவ்வளவுதான். பொண்ணுங்க கதையில வேற விதியா?

மே 11 · பாம்பன்காரி

வேற விதின்னு தோணல, ஆனா நீங்க சொன்னதுல நடுவுலவ இன்னும் தெளிவாத் தெரியிறா. சர்க்கரை, தேன். ரெண்டும் ஒண்ணு இல்லை, ஆனா ஒரே வகை. மூத்தவ "சர்க்கரை"ன்னதும் நமக்கு அது அவ பதில் மட்டும்தான். "தேன்"னு அடுத்தவ சொன்னதும்தான், அந்த அரண்மனையில இனிப்பாத்தான் பேசணும்ங்கிறது தெரியுது. அதுக்கப்புறம்தான் "உப்பு"ங்கிற வார்த்தை சுருக்குனு விழுது. நடுவுலவ "கடல்"னு சொல்லியிருந்தா? மூணு பொண்ணுக்கும் ஆளுக்கொரு யோசனைன்னு ஆகி, உப்பும் அதுல ஒண்ணாப் போயிருக்கும்.

கதை சொல்றப்போ எங்க பிசகுதுன்னு இதை வச்சே கண்டுபிடிக்கலாம். நடுவுலவனை மூத்தவன் மாதிரியே அச்சுக்கு வச்சா சலிப்பு. ரொம்ப வித்தியாசமாக்கினா கடைசி ஆள் மங்கிப் போவான். ஒரே வகை, ஒரு படி கூட. எங்க அப்பத்தாவுக்கு இது கை வந்திருக்கு.

ஆனா உங்க கேள்வியில இன்னொண்ணு இருக்கு, அதுக்குப் பதில் இல்லாம நிக்கிறேன். மகன்கள் வரிசையாக் கிளம்பிப் போறதால கடைசியா வர்றவன் கடைக்குட்டி. பொண்ணுங்க மூணு பேரும் ஒரே இடத்துல நிக்கிறாங்க. ராஜா யாரை வேணா முதல்ல கேட்டிருக்கலாமே?

மே 11 · வாலிநோக்கம்

சபையில மூத்தவ பேசுறதுக்கு முன்னாடி சின்னவ பேசுவாளா? எங்க வீட்டுல இப்பவும் பேச மாட்டோம்.

மே 13 · சாயல்குடி

புனித எண்ணை நான் இன்னும் விடல. ஆனா நம்ம மண்ணுலயே உதாரணம் இருக்கே. ராவணன், கும்பகர்ணன், விபீஷணன். மூணு பேர்ல கடைசித் தம்பிக்குத்தான் பட்டம். தனுஷ்கோடி போற வழியில இருக்கிற கோதண்டராமர் கோயில்ல அவர் சரணாகதிதானே விசேஷம். 1964 புயல்ல சுத்தி எல்லாம் போயும் அந்தக் கோயில் நின்னுச்சு. இதுவும் உங்க ஊத்துக் கதையும் ஒண்ணுதான்.

மே 14 · தேவிபட்டினம்

நல்ல உதாரணம், ஆனால் ஒன்றே என்று சொல்லிவிட முடியாது. இந்த மூவரும் தவம் செய்து வரம் கேட்கிற இடத்தை எடுத்துக்கொள்வோம். அது இரண்டு நூல்களில் இரண்டு வரிசையில் இருக்கிறது. மகாபாரதத்துக்குள் வரும் ராமன் கதையில் ராவணன், கும்பகர்ணன், விபீஷணன் என்று வயது வரிசை. முதல் இருவருக்கும் வரம் அவரவர் குணப்படி அமைய, கடைசியில் விபீஷணன் ஆபத்திலும் தர்மம் தவறாத மனம் கேட்கிறான். ஊத்துக் கதையின் கட்டு அப்படியே.

வால்மீகியின் உத்தர காண்டத்தில் ராவணனுக்கு அடுத்து விபீஷணன் கேட்டுவிடுகிறான். கடைசியில் நிற்பவன் கும்பகர்ணன். தேவர்கள் பயந்து சரஸ்வதியை அவன் நாக்கில் உட்கார வைக்க, அவன் தூக்கத்தைக் கேட்கிறான்.

அதே மூவர், அதே வரம். கடைசி இடம் கைமாறியதும் கதையின் பாரமும் கைமாறிவிட்டது.

மே 14 · பாம்பன்காரி

ரெண்டு தடவை படிச்சேன். அப்பத்தாகிட்ட ராவணன் தம்பிமார் வரம் கேட்டதைச் சொல்லச் சொன்னேன். அவங்க சொன்னது கும்பகர்ணன் கடைசியா வர்ற வரிசை. நித்தியம் கேக்கப் போனவன் நாக்குப் புரண்டு நித்திரை கேட்டுட்டான்னு சொல்லி விழுந்து விழுந்து சிரிச்சாங்க. விபீஷணன் என்ன கேட்டார்னு கேட்டா, "ஏதோ நல்லதாக் கேட்டாரு"ங்கிறாங்க. நடுவுல நின்ன ஆளுக்கு அவ்வளவுதான்.

சாயல்குடிக்கு ஒண்ணு. எங்க தெருவுல பாதிப் பேருக்கு விபீஷணன் ஜெயிச்சவர், பாதிப் பேருக்கு அண்ணனை விட்டுட்டு வந்தவர். ஊத்துக் கதைக் கடைக்குட்டி யாரையும் விட்டுட்டு வரல. அதனால ரெண்டையும் ஒண்ணுன்னு சொல்ல எனக்கு மனசு வரல.

மே 16 · தொண்டி மீனவன்

நான் கேட்டது வேறன்னு இப்பத்தான் புரியுது. பரவால்ல, படிச்சுக்கிட்டுத்தான் வர்றேன். ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். எங்க வீட்டுல பாகம் பிரிக்கும்போது பெரியவர் பங்கு வைக்கணும், சின்னவன் முதல்ல எடுக்கணும்னு முறை. அன்னைக்கு நான் முதல்ல எடுக்கல. அண்ணன்மார் எடுத்துக்கட்டும்னு நின்னுட்டேன். கடைசியா மிஞ்சினதுதான் வத்தை.

அம்மாவுக்குக் கொள்ளி போட்டது மட்டும் நான். தலைச்சன் தகப்பனுக்கு, கடைக்குட்டி தாய்க்கு. அதுல யாரும் பங்கு கேட்கல.

மே 16 · பாம்பன்காரி

தொண்டி அண்ணே, இதை ரொம்ப நேரம் வச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தேன். நீங்க சொன்ன பங்கு முறையில கடைக்குட்டி முதல்ல வர்றான், கடைசியா இல்லை. பங்கு வைக்கிறவன் ஒழுங்கா வைக்கணும்னா கடைசியில எடுக்கிறவனா இருக்கணும், அதுக்காக வச்ச முறை அது. வீட்டு வரிசையும் கதை வரிசையும் எப்பவும் ஒண்ணாப் போகாதுங்கிறது உங்களாலதான் எனக்குத் தெரிஞ்சது. மே 7ல "வீட்டு முறைப்படி"ன்னு நான் ஒரேயடியா எழுதினது கடலுக்குப் போறதுக்கும் சபையில பேசுறதுக்கும் சரி. பங்குக்குச் சரியில்லை.

ஜூன் 9 · கீழக்கரை வாசகர்

கேள்வி கேட்டவன் நான்தான். மகளுக்கு நடுவுலவனைப் பத்திச் சொன்னேன். இப்ப மூத்தவன் தோத்ததும் "அடுத்தவன் எவ்வளவு ஆழம்?"னு கேட்குறா. அப்பத்தாவோட முழுக் கதையையும் எழுதிப் போடுங்களேன்.

ஜூன் 13 · பாம்பன்காரி

எழுதலாம்னு நேத்து ராத்திரி திரும்பப் பதிஞ்சேன். கதை மாறிப் போச்சு.

தங்கச்சி பிள்ளைங்களோட வந்திருக்கா, மூணும் பையன்கள். நடுவுலவனுக்கு ஏழு வயசு. அப்பத்தா மடிக்குப் பக்கத்துல அவன்தான் உக்காந்திருந்தான். அப்பத்தா இடுப்பு ஆழம் வரைக்கும் வந்து, வழக்கம்போலத் தாண்டிப் போகப் பார்த்தாங்க. அவன் கையைப் பிடிச்சுட்டான். "அவன் என்ன ஆனான் அப்பத்தா?"

அப்பத்தா வெத்திலையை ஒதுக்கிக்கிட்டுக் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னாங்க: "அவன் இடுப்பு ஆழம் தோண்டுனான்ல, அதுல உப்புத் தண்ணி நிறைஞ்சு நின்னுச்சு. வெயில் அடிச்சுது. நாலு நாள் கழிச்சுப் பார்த்தா குழி ஓரமெல்லாம் வெள்ளை வெளேர்னு உப்பு. அள்ளிக்கிட்டு வந்து வித்தான். அவன்தான் நம்ம பக்கம் முத உப்பளம் வெட்டுனவன்."

பதிவுல நடுவுலவனுக்கு இப்ப நாலு நிமிசம் இருக்கு. கடைக்குட்டி கிளம்புறதுக்குள்ள அவன் அண்ணன், தங்கச்சியோட மூத்த பையன், தூங்கிட்டான். கடைசிப் பையனும் பாதிக் கண்ணுல இருந்தான். கதையில தண்ணி வந்ததும் முழுசா முழிச்சிருந்து கேட்டது அந்த நடுவுலவன் மட்டும்தான். தேவிபட்டினம் சொல்ற கணக்குப்படி கதையோட பாரம் இப்ப நடுவுக்கு வந்துருச்சு, கெட்டுப் போச்சுன்னுதான் சொல்லணும். எனக்குச் சொல்ல வாய் வரல.

எந்தப் பதிவை எழுதறதுன்னு தெரியாம அப்பத்தாகிட்டயே கேட்டேன். "யாரு கேக்குறாகளோ அவுகளுக்குத் தக்கன சொல்லு"ன்னாங்க. கீழக்கரை அண்ணே, உங்க மகளுக்குக் கூடப் பிறந்தவங்க எத்தனை பேர், அவ எத்தனாவதுன்னு சொல்லுங்க. தடை நாளைக்கு ராத்திரியோட முடியுது, சித்தப்பாவுக்கு ஐஸ் கட்ட உதவிட்டு வந்து எழுதுறேன்.

ஜூன் 14 · கீழக்கரை வாசகர்

ஒரே பிள்ளை.